பொட்டு வைத்த பதிவுப் பத்திரம்

என் மனைவி தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி. நான் தோட்டத்துத் தபால் பையைச் சுமப்பவன். அவளைக் கண்டால் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிமாரும் தலைத்துண்டை இறக்குவார்கள். என்னைக் கண்டால் "கடுதாசி இருக்கா?" என்பார்கள். இல்லை என்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது.

அவள் ஆஸ்பத்திரியில் படித்துப் பரீட்சை தேறியவள். கொழும்பில் மருத்துவிச்சிகளின் பெயரை ஏட்டில் வைத்திருக்கிற ஒரு சபை உண்டு. அங்கே பதிந்து, பத்திரம் வாங்கித்தான் தோட்டத்துக்கு வந்தாள். பத்திரத்தில் அவள் பெயர், படித்த ஆஸ்பத்திரி, ஒரு பதிவு இலக்கம். தவணைக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஏட்டில் பெயர் நிற்காது. ஏட்டில் பெயர் இல்லாதவள் பிள்ளைப்பேறு பார்க்கக் கூடாது.

தோட்டத்துத் தச்சர் அந்தப் பத்திரத்தை ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையில் கோதுமைமாப் பசை போட்டு ஒட்டினார். கண்ணாடி போடவில்லை. பலகை தோட்டத்தில் கிடைத்தது, கண்ணாடிக்கு டவுனுக்குப் போக வேண்டும். டிஸ்பென்சரியில் பிள்ளை பெறுகிற அறையில் அதை மாட்டினோம்.

முதலில் பிறந்தது ஆண் பிள்ளை. பிள்ளையின் அப்பாயி கையில் மிச்சமிருந்த குங்குமத்தைப் பத்திரத்துக்கு வைத்தாள். அடுத்தது கஷ்டப் பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்ததும் சந்தனம் வைத்தார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஆயுத பூசை அன்று கத்தரிக்கோலுக்கும் பைக்கும் வைத்துவிட்டு, பத்திரத்துக்குப் பட்டையே போட்டார்கள். பட்டை போட்ட கிழவியிடம் என் மனைவி சத்தம் போட்டாள்.

"ஏன் ஆச்சி, இது கவர்மெண்டு காயிதம். சாமிப் படமில்ல."

"ஒனக்குச் சோறு போடுற காயிதந்தானே? அப்ப சாமிதான், சும்மா இரு."

புதுப்பிக்கிற தவணை வந்தது. அவளுக்கு அது முதல் தவணை. விண்ணப்பத்தை மேசையில் வைத்துக்கொண்டு பலகையை இறக்கினாள். பெயர் தெரிந்தது. இலக்கத்தின் முன்பகுதி தெரிந்தது. கடைசி எண்ணின் மேல் சந்தனமும் எண்ணெயும் குங்குமமும் கட்டியாக இருந்தன. ஈரத்துணியால் துடைத்தாள். குங்குமம் போகவில்லை. காகிதம் உரிந்து வந்தது.

டாக்டரய்யாவைக் கூப்பிட்டோம். அவர் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர். ஆனாலும் டாக்டரய்யா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"மூணு."

"எட்டு மாதிரி இருக்குங்களே" என்றாள் அவள்.

"எட்டுதான் பாதி அழிஞ்சு மூணாத் தெரியுது" என்றார் அவர். "எட்டுன்னே எழுது."

எட்டென்று எழுதினாள். கட்டணத்துக்கு மணியோடர் எடுத்து, நானே பையில் போட்டு நோர்வூட் தபால் கந்தோரில் கொடுத்தேன்.

பதிலையும் நான்தான் சுமந்து வந்தேன். இங்கிலீஷ் கடிதம். டாக்டரய்யா வாசித்தார். வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இந்த நம்பருக்குரிய அம்மா காலமாயிட்டாங்களாம். விண்ணப்பத்தையும் பணத்தையும் திருப்பி அனுப்பியிருக்காங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப நான் செத்துட்டேனுங்களா?"

"நீ சாகல. எட்டு செத்துப்போச்சு."

வாசலில் மருந்துக்கு நின்ற பெண்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது. மத்தியானம் மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தது என் மனைவிதான். கிழவி அழுகையை நிறுத்தினாள்.

"உசுரோடத்தான் இருக்கியா? கொழும்புல செத்துட்டன்னாங்களே?"

"இன்னும் இல்ல ஆச்சி. டீ குடிச்சுட்டுப் போங்க."

சிரிப்பு அத்தோடு சரி. தோட்டத்தை நடத்துகிற துரை கூப்பிட்டு அனுப்பினார். புதுப்பித்த காகிதம் கையில் இல்லாவிட்டால் தவணை முடிந்த மறுநாளிலிருந்து பேறு பார்க்கக் கூடாது என்றார். வேறு மருத்துவிச்சி பார்க்க வேண்டிவரும், நாங்கள் குடியிருக்கிற குவாட்டர்ஸும் அவளுக்குத்தான் என்றார். சொன்னது நியாயம். திட்டவும் வழியில்லை.

கீழ் லயத்தில் கங்காணியின் மருமகளுக்கு நிறைமாதம். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மாமியார் சொல்லிப் பார்த்தாள்.

"லொறியில கொழுந்துதான் போகும்" என்றாள் அந்தப் பெண். "மருத்துவிச்சி அக்காவுக்குக் காயிதம் வரட்டும். அதுவரைக்கும் நான் பெத்துக்க மாட்டேன்."

தபாலுக்குக் காத்திருந்தால் தவணை போய்விடும். மனைவியால் அந்தப் பெண்ணை விட்டு நகர முடியாது. அவள் புது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். இலக்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டாள். டாக்டரய்யா ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

"நம்பர் தெரியலன்னா பேரை வச்சுத் தேடுவாங்க. படிச்ச ஆஸ்பத்திரியும் எழுதியிருக்கேன். போய் நல்லாப் பேசுங்க" என்றார்.

"நானா?" என்றேன்.

"இவரு பேசுறதுக்குள்ள எனக்கே தவணை முடிஞ்சிடும்" என்றாள் அவள். "பலகையைக் கொண்டு போங்க. அது பேசும்."

சாக்கில் சுற்றிக்கொண்டு ஹட்டனில் கொழும்பு ரயில் ஏறினேன். எதிரே இருந்தவர் சாக்கைப் பார்த்து, சாமிப் படமா என்று கேட்டார். ஆமென்றேன். விளக்கம் சொல்ல, அவர் இறங்குகிற நாவலப்பிட்டி வரை நேரம் போதாது.

கொழும்பில் சபையின் கந்தோரில் ஒரு சிங்கள ஐயா இருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். வெறும் இடத்தில் விரலை வைத்து, எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"நம்பர் கோ?"

நான் சாக்கை அவிழ்த்தேன். கங்காணி வீட்டில் கடைசியாகப் போட்ட செவ்வந்தி மாலை உள்ளேயே இருந்தது. ஐயா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பியோன் செருப்பைக் கழற்றினார்.

"இது நம்ம செட்டிபிகேட்டா?" என்றார் ஐயா, தமிழில்.

"ஆமாங்க."

"யார் பூசை பண்றது?"

"பிள்ளை பெத்தவங்க."

அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கடிதத்தை வாசித்தார். எழும்பிப் போய்ப் பெரிய ஏட்டை எடுத்து வந்தார். மனைவியின் பெயரைத் தேடினார். அதே பெயரில் இருவர் இருந்தார்கள். படித்த ஆஸ்பத்திரியைப் பார்த்தார். பக்கத்தில் விரல் நின்றது.

"மூணு" என்றார்.

டாக்டரய்யா முதலில் சொன்னதுதான்.

அவரே வெறும் இடத்தில் இலக்கத்தை எழுதினார். கட்டணத்தை வாங்கினார். உள்ளே போய் வந்து, பதிவு புதுப்பித்ததற்கு ஒரு தாளும் பற்றுச்சீட்டும் தந்தார். பழைய பத்திரத்துக்குப் பிரதி வேண்டுமென்றால் தனி விண்ணப்பம் போட வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

"மல்லி," என்றார், தம்பி என்பதைச் சிங்களத்தில், "இந்தத் தாளுக்குப் பொட்டு வைக்க வேணாம்."

நான் திரும்பியது தவணை முடிகிற நாள். மழை. தாளைச் சட்டைக்குள் வைத்து, நோர்வூட்டில் எடுத்த தபால் பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினேன். மனைவி கங்காணி வீட்டு வாசலில் நின்றாள். தாளை வாங்கினாள், வாசித்தாள், மடித்தாள்.

"என்னாங்க நம்பரு?"

"மூணு."

உள்ளே எட்டிப் பார்த்து, "ஏண்டி, நான் உசுரோட இருக்கேன். இனி பெத்துக்கலாம்" என்றாள்.

அந்தப் பெண் மறுநாள் காலை பெற்றாள். பெண் பிள்ளை. எல்லாம் சுகம்.

புதிய தாளை மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, அறையில் உயரத் தட்டில் வைத்தாள். இனி ஒரு கையும் படாது என்றாள். பலகையைத் திரும்பவும் ஆணியில் மாட்டினேன். பொட்டைப் பலகைக்கே வைப்பார்கள், அது இருந்தால் அவர்கள் டின்னைத் தேடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று கங்காணியின் சம்சாரம் குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். பலகைக்கு வைத்தாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

டின்னுக்கும் வைத்தாள்.

மூடியில்தான். உள்ளே போகவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் முக்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.