எழுபத்து நாலு சொல்லும் ஒரு இருமலும்

உள்ளறையிலிருந்து கமீலா வாசிக்கும் சத்தம் கேட்டது. "ஆற்றங்கரையில் ஒரு வெள்ளாடு நின்றது. தோணிக்காரர் அதைப் பார்த்தார்." அதன் பிறகு ஒரு சின்ன இருமல். பிறகு மறுபடியும் தங்கு தடையில்லாத வாசிப்பு.

முன்னறையில் இருந்த ஸகியா டீச்சருக்குப் பெருமை பொங்கியது. கமீலாவின் தாய் ஸுல்பிகா முடைந்துகொண்டிருந்த பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வரியை முடிக்க மூன்று முறை மூச்சு வாங்கிய பிள்ளையா இது என்று கண் கலங்கினாள். டீச்சரும் கலங்கத் தயாராகத்தான் இருந்தாள். அப்போதுதான் தன் மடியைப் பார்த்தாள். அந்தப் பாடத்தாள் மடியில் கிடந்தது. தாய்க்குக் காட்டுவதற்காக அவளே பிள்ளையிடமிருந்து வாங்கி வைத்திருந்த தாள்.

அப்படியானால் உள்ளே கமீலா எதைப் பார்த்து வாசிக்கிறாள்?

எட்டிப் பார்த்தாள். கமீலா ஜன்னலைப் பார்த்து, தலை பின்னிக்கொண்டே வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கமீலா, அந்த ஆடு கடைசியில எங்க போச்சு?" என்று கேட்டாள் டீச்சர்.

"எந்த ஆடு டீச்சர்?" என்றது பிள்ளை.

அந்த இருமல் யாருடையது என்பது டீச்சரின் நெஞ்சில் அப்போதுதான் இடி போல விழுந்தது. அது அவளுடையது. வாசிப்புப் பயிற்சியின் முதல் வாரம் அவளுக்குச் சளி பிடித்துத் தடிமன். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வாசித்துக் காட்டியபோது தோணிக்காரர் ஆட்டைப் பார்த்த இடத்தில் இருமினாள். பிள்ளைகள் அதையும் பாடத்தோடு சேர்த்துப் படித்துவிட்டார்கள்.

ஸகியா டீச்சரை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கல்முனைப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் நாலாம் ஆண்டு வகுப்பாசிரியை. முப்பத்தாறு வயது. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, சோக்கட்டித் தூசியில் வெளுத்த விரல்கள். பதினான்கு வருடச் சேவையில் ஒரு பாராட்டுக் கடிதம் கிடையாது. ஒரு கண்டனக் கடிதமும் கிடையாது. இதைவிடச் சாதாரணமான ஒரு ஆசிரியையைச் சொல்ல முடியாது.

அவளுடைய வகுப்பின் கடைசி வரிசையில், பின்வாங்கில், பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். எழுத்து தெரியும், சொல் சொல்லாகக் கூட்டுவார்கள், வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். எண்பத்திரண்டாம் ஆண்டு ஒரு சேவைக்காலப் பயிற்சியில் செயல்நிலை ஆய்வு என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள். ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள குறை ஒன்றை எடுத்து, திட்டமிட்டு, செய்து, கவனித்து, எங்கே பிழை என்று யோசித்து மறுபடி திட்டமிட வேண்டுமாம். மற்ற ஆசிரியர்கள் அங்கே தந்த வடையைப் பற்றி யோசித்தார்கள். ஸகியா டீச்சர் பின்வாங்கைப் பற்றி யோசித்தாள்.

வந்ததும் திட்டம் எழுதினாள். முதலில், ஒவ்வொரு பிள்ளையும் முன்பின் பாராத நூறு சொல் கொண்ட பந்தி ஒன்றை ஒரு நிமிடம் வாசிக்க வேண்டும். சரியாக வாசித்த சொற்களை மட்டும் எண்ண வேண்டும். பிறகு எட்டு வாரம், வாரத்தில் நாலு நாள், நாளுக்கு இருபது நிமிடம். ஆசிரியை ஒருமுறை வாசித்துக் காட்டுவாள். பிள்ளைகள் சோடி சோடியாக இருந்து அதே பந்தியை நாலு தரம் வாசிப்பார்கள்; ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துத் திருத்துவார். ஒவ்வொரு வாரமும் புதிய பந்தி. வாரக் கடைசியில் பழகாத பந்தியில் சோதனை.

கடைசி இரண்டு வரிகள்தான் ஆய்வின் உயிர். அந்த இரண்டையும் பள்ளிக்கூடத் தலைவரான அதிபர் மீராசாஹிபு வெட்டினார்.

மீராசாஹிபு சேர் கெட்டவர் அல்ல. பிரதி எடுக்கும் ஸ்டென்சில் தாளைத் தங்கம் போலப் பூட்டி வைப்பவர், அவ்வளவுதான். பரிசளிப்பு விழா அழைப்பிதழுக்காக எட்டு ஸ்டென்சில் வைத்திருந்தார். பிள்ளைகளின் வாசிப்புக்கு ஒன்று கொடுத்தார். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எத்தனை பந்தி கொடுத்தாலும் ஒன்றுதானே என்பது அவருடைய வாதம். எட்டு வாரத்தில் கணக்கில் முன்னேற்றம் தெரியாவிட்டால் அந்த இருபது நிமிடம் அணிநடைப் பயிற்சிக்குப் போகும், பன்னிரண்டு பேரும் வருடக் கடைசியில் மூன்றாம் ஆண்டுக்கே திரும்புவார்கள் என்றும் சொல்லிவிட்டார். அந்த இருபது நிமிடத்தை இழக்கப் பயந்து டீச்சர் தலையாட்டினாள். எட்டு வாரமும் ஒரே ஆடு, ஒரே தோணி.

கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போனது. முதல் நாள் சராசரி பத்தொன்பது சொல். ஆறாம் வாரம் ஐம்பது. எட்டாம் வாரம் எழுபத்து நாலு. நம் ஊர்ப் பிள்ளைகள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதல் பள்ளியில் லெப்பை சொல்லச் சொல்லக் கேட்டு மனனம் செய்து பழகியவர்கள். இரண்டு தரம் காதில் விழுந்தது மூன்றாம் தரம் நாக்கில் நிற்கும். அவர்களிடம் ஒரே பந்தியை முப்பத்திரண்டு நாள் கொடுத்துவிட்டு, வாசிப்பு முன்னேறியது என்று மகிழ்ந்தார்கள் பெரியவர்கள்.

கமீலா வீட்டிலிருந்து வந்த இரவு டீச்சர் சோறு தின்னவில்லை. மறுநாள் மூன்றாம் ஆண்டுப் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து, யாரும் பாராத பந்தி ஒன்றைக் கையால் பன்னிரண்டு பிரதி எழுதிக்கொண்டு போனாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள். சராசரி இருபத்தாறு.

எழுபத்து நாலு எங்கே, இருபத்தாறு எங்கே! ஆனால் இருபத்தாறும் பொய்யில்லை. பத்தொன்பதிலிருந்து ஏழு சொல் கூடியிருந்தது. விரல் வைத்துத் திருத்திய சோடிகளில் கூடுதலாக ஏறியிருந்தது. வெறுமனே சேர்ந்து பாடிய சோடிகளில் ஒன்றும் அசையவில்லை. இதையெல்லாம் எழுதிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனபோது அவர் புன்னகையோடு ஒரு செய்தி சொன்னார். எழுபத்து நாலை ஏற்கனவே கல்விக் கந்தோருக்கு அனுப்பிவிட்டாராம். வியாழக்கிழமை வட்டாரக் கல்வி அதிகாரி வருகிறாராம்.

அதிகாரி அழகரெத்தினம் காரைதீவுக்காரர். மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்குச் செவ்விளநீர், உட்காரும் கதிரைக்கு மேசை விரிப்பு, சுவரில் சிவப்பு மையால் மேலே மேலே ஏறும் கோடு. பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாக நின்று வாசித்தார்கள். ஆற்றங்கரையில் ஒரு வெள்ளாடு நின்றது. தோணிக்காரர் அதைப் பார்த்தார். பன்னிரண்டு தொண்டைகளும் ஒரே நேரத்தில் இருமின.

"பிள்ளைகளுக்குத் தடிமனோ?" என்று அதிகாரி அன்போடு விசாரித்தார்.

"கடற்காத்து சேர்," என்றார் அதிபர்.

வரிசையின் கடைசியில் நின்ற பக்கீர் முகைதீன் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அவன்தான் எல்லோரையும் விடத் திருத்தமாக வாசித்தான். அதிகாரி அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். டீச்சர் வாய் திறந்தால் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னிலையிலும் அவமானப்படுவார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். புறப்படும்போது அதிகாரி, அறிக்கை கையொப்பத்தோடு வந்தால் இந்த முறையை எட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பலாம் என்றார். எட்டுப் பள்ளிக்கூடம் இருமப்போவதை டீச்சர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மீராசாஹிபு சேர் டைப் அடித்த அறிக்கையோடு டீச்சரின் வீட்டுக்கு வந்தார். டீச்சரின் கணவர் வானொலிப் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு, திருத்துகிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். தேத்தண்ணி வந்தது. அதிபர் பாதி குடித்துவிட்டு, பேனாவைத் திறந்து நீட்டினார்.

"ஒரு கையெழுத்துத்தான் டீச்சர். பன்ரெண்டு புள்ளையும் அஞ்சாம் ஆண்டுக்குப் போகும். ஒங்களுக்கும் நல்ல பேரு."

"அஞ்சாம் ஆண்டுல ஆட்டுப் பாடம் இல்லையே சேர்."

அதிபர் சிரிக்கவில்லை. கந்தோருக்குப் போன கணக்கு போனதுதான், இனி மாற்றினால் பள்ளிக்கூடத்தின் மானம் என்ன ஆவது என்று நீட்டி முழக்கினார். தான் இருபத்தைந்து வருடம் கட்டிய பேர் என்றார். குரல் தழுதழுத்தது. வேறொரு விஷயமாக இருந்தால் டீச்சரும் அழுதிருப்பாள்.

"இருபத்தாறு எண்டு எழுதினா தோல்வி எண்டுதான் சொல்லுவாங்க. அந்த இருபது நிமிசமும் போகும், தெரியுமா?" என்று முடித்தார்.

"தோல்வி எண்டு நான் எழுதல்ல சேர். முதலாம் சுற்று எண்டு எழுதியிரிக்கன். எங்க பிழை எண்டும் எழுதியிரிக்கன். ஒரே பந்தியில பழக்கி, அதே பந்தியில சோதிச்சது பிழை. வாசிச்சதுக்குப் பொருள் கேட்காததும் பிழை. ரெண்டாம் சுற்றுல வாரம் ஒரு புதுப் பந்தி. சோதனைக்கு நாங்க பாராத பந்தி. அத அழகரெத்தினம் சேரே கொண்டு வரட்டும் எண்டு கேட்டிரிக்கன்."

"கேட்டிரிக்கனெண்டா?"

"இண்டைக்குக் காலையில பதிவுத் தபால்ல போட்டுட்டன்."

வானொலியின் ஆணி ஒன்று உருண்டு கீழே விழுந்தது. கணவர் அதைத் தேடுவதாகச் சொல்லி மேசைக்கடியில் போய்விட்டார்.

அதிபரின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கோபம் வந்தது, அது நிற்கவில்லை. அடுத்து வந்தது கணக்கு. இன்னும் எட்டு வாரத்தில் அதிகாரி தன் கையாலேயே புதிய பந்தியோடு வருவார். அப்போது அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் மைதானத்தில் இடது வலது போட்டுக்கொண்டிருந்தால், இருமப்போவது யார்?

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். டைப் அடித்த அறிக்கையை நாலாக மடித்தார். எழுந்தார்.

"எத்தின ஸ்டென்சில் வேணும்?" என்றார் வாசலில் செருப்பைத் தேடியபடி.

"எட்டு சேர்."

"ஆறு தாறன். ரெண்ட கையால எழுதுங்க. இருபது நிமிசம்தான், இருபத்தொண்டு ஆகப்படாது."

"ஓம் சேர்."

வேலிப் படலை வரைக்கும் போனவர் நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்து, இருமினார். தோணிக்காரர் ஆட்டைப் பார்த்த இடத்தில் வருமே, அதே இருமல். அவரும் எட்டு வாரம் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார் போலும்.

டீச்சர் சிரிப்பை முந்தானையால் அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.