சனிக்கிழமை மட்டும் மறக்காது

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரீஸ்டார்ட் மிஸ் என்று பெயர். வைத்தவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். மவுஸ் நகரவில்லை என்றாலும் சரி, எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிந்தாலும் சரி, எவனோ ஒருவன் திரையின் பின்னணியில் குரங்குப் படத்தை மாட்டிவிட்டுப் போயிருந்தாலும் சரி, அவள் இருந்த இடத்திலிருந்தே சொல்வது ஒன்றுதான்: "ரீஸ்டார்ட் பண்ணு."

பண்ணினால் சரியாகிவிடும். அந்த ஆய்வகத்தில் இருந்த முப்பத்தொரு கம்ப்யூட்டர்களும் மென்பொருளால் பூட்டுப் போட்டவை. பகலெல்லாம் பிள்ளைகள் என்ன அட்டகாசம் செய்தாலும், அணைத்துப் போட்டால் முதல் நாள் குளித்துவிட்டு வந்தது போல் பழையபடி எழுந்து நிற்கும். பிள்ளைகளின் பாட வேலைகளுக்கென்று பூட்டில்லாத தனி டிரைவ் ஒன்று உண்டு. அதில் போட்டால் இருக்கும், மற்ற இடத்தில் போட்டால் போச்சு. வருடத் தொடக்கத்தில் இதை எழுபது தடவை சொல்வாள். எழுபத்தொன்றாவது தடவை ஒரு பெண் அழுதுகொண்டு வந்து நிற்கும்.

பதினோரு வருடமாக இந்த வேலை. வீட்டில் கணவர், எட்டாவது படிக்கும் மகள், மாமியார். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "நான் பத்து பஸ்ஸைத் திறந்து பார்த்தாத்தான் ஒரு கோளாறு புரியுது. நீ உக்காந்த இடத்துல அணைச்சுப் போட்டுச் சம்பளம் வாங்கற" என்பார். அவள் பதில் சொல்லமாட்டாள். பதிலை மறுநாள் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வாள்.

அதுதான் அவளுடைய ரகசியம். சாயங்காலம் பிள்ளைகள் போனபிறகு ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்கு மனதில் கிடந்ததையெல்லாம் தட்டித் தள்ளுவாள். மாமியாரைப் பற்றி ஒரு பத்தி: 'நான் எது செய்தாலும் அதில் உப்பு ஒன்று கூடுகிறது, இல்லை குறைகிறது. சரியாக இருந்த நாளில் அவருக்குப் பசி இல்லை.' கணவரைப் பற்றி இரண்டு வரி, பெரும்பாலும் ஈரத் துண்டு சம்பந்தமானது. எழுதி, பெயர் வைத்து, திரையிலேயே சேமிப்பாள். பிறகு ரீஸ்டார்ட். கம்ப்யூட்டர் எழுந்து வரும்போது அது இருக்காது. எழுதாமல் விடுவதை விட, எழுதிச் சேமித்து, அது காணாமல் போவதைப் பார்ப்பதில்தான் சுகம். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். "உன் பொண்டாட்டிக்குக் கோபமே வராதுடா" என்று மாமியார் மகனிடம் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமைதான் சங்கடம்.

பூட்டுப் போட்ட கம்ப்யூட்டருக்குப் புதிய அப்டேட் வந்தாலும் நிற்காது. பகலில் இறக்கிக்கொண்டதை அணைத்ததும் மறந்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு மணிக்கு, எல்லாம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிப் பூட்டைத் திறந்துகொள்ளும்படி நேரம் குறித்து வைத்திருந்தார்கள். நாலு மணி வரைக்கும் அப்டேட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு, மறுபடி ரீஸ்டார்ட் ஆகிப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று முப்பது கம்ப்யூட்டர்களின் கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் இருக்கும். மற்றவற்றைக் கவனிக்க ஒன்றாம் நம்பரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள்.

தானாக நடக்கிற வேலைக்கு அவள் எதற்கு? வாட்ச்மேனுக்காக. சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாட்ச்மேன் கட்டடத்தின் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போவார். ஒரு தடவை அவள் வராமல் இருந்தபோது அப்படித்தான் இழுத்தார். பாதியில் நின்ற பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் அந்த அரைகுறை நிலையிலேயே பூட்டிக்கொண்டன. அடுத்த வாரம் முழுக்க, தினமும் காலையில், 'மாற்றங்களை நீக்குகிறோம்' என்று அரைமணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தன.

அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை மதியம்கூடத் தவறாமல் அவள் காவல். கடைசியில் ஒரு நாள், பதிலுக்கு வாரத்தில் அரைநாள் லீவு கேட்டாள். தலைமையாசிரியை கையில் இருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதுங்களே செஞ்சுக்கும்னு நீதானேம்மா சொன்ன? நீ சும்மா உக்காந்திருக்கறதுக்கு லீவா?"

அது வெள்ளிக்கிழமை. மறுநாள், முப்பது திரைகளும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவள் ஒன்றாம் நம்பரின் முன்னால் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் தட்டினாள். 'கம்மல் மாட்டுவதற்காக மட்டும்தான் மேடம் காது வைத்திருக்கிறார்' என்று ஆரம்பித்து, வாட்ச்மேன், மெயின் சுவிட்ச், பன்னிரண்டு கம்ப்யூட்டர், வீட்டில் ஆறிப்போகும் மதியச் சாப்பாடு என்று எதையும் விடவில்லை. 'மேடத்துக்கு' என்று பெயர் வைத்துச் சேமித்தாள். நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. அது எழுந்து வருவதைப் பார்க்க நிற்காமல், வழக்கமான நிம்மதியோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை திரையில் 'மேடத்துக்கு' இருந்தது.

அழித்தாள். சரிபார்க்க ரீஸ்டார்ட் செய்தாள். மறுபடியும் இருந்தது. அப்போதுதான் உறைத்தது: பூட்டுத் திறந்திருந்த நேரத்தில் எழுதியிருக்கிறாள். பூட்டும்போது எது இருந்ததோ, அதுதான் இனி தினமும் எழுந்து வரும். பதினோரு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள்!

பூட்டின் பாஸ்வேர்டு, அதைப் போட்டுக் கொடுத்த டெக்னீஷியனிடம் இருந்தது. அவன் வெளியூர்.

"அவ்வளவு அவசரமாக்கா? சனிக்கிழமை அதுவே திறக்கும், அப்ப அழிச்சிடுங்க."

"அது வரைக்கும்?"

"தினமும் காலைல ஆன் பண்ணதும் அழிங்க. சாயங்காலம் வரைக்கும் தொல்லை இல்ல. அப்படி என்னக்கா ஃபைல் அது?"

"ஒரு லெட்டர்."

"லவ் லெட்டரா?"

"போனை வைடா."

ஒன்றாம் நம்பர்தான் புரொஜெக்டரோடு இணைந்தது. அதில் வருவது சுவரளவு பெரிதாகத் தெரியும். மேடம் படித்தால் இந்த வேலை இருக்குமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எட்டரை மணிக்கெல்லாம் வந்து, முதல் வேலையாக அதை அழித்தாள். "என்னம்மா, காலங்காத்தாலயே கிளம்பிடற?" என்று கணவர் கேட்டதற்கு, "கடமை" என்றாள்.

வியாழக்கிழமை கணவருடைய ஸ்கூட்டர் பாதி வழியில் பஞ்சர்.

"பஸ் மெக்கானிக்கோட வண்டிக்கே இந்தக் கதின்னா, ஊர் பஸ்ஸெல்லாம் என்ன கதியோ" என்று சொல்லிவிட்டு மிச்ச தூரத்தை ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஒன்பதே கால். ஆய்வகம் பூட்டித்தான் இருந்தது. ஒன்றாம் நம்பரை ஆன் செய்தாள். 'மேடத்துக்கு' அப்படியே, அதே ஒன்றரைப் பக்கத்தோடு இருந்தது. அப்பாடா என்று அழித்தாள்.

மதியம் மேடம் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரு. படிச்சியா?"

"எதை மேடம்?"

"நான் எழுதினதைத்தான். காலைல பெற்றோர் கூட்டத்துக்குப் படம் ஓடுமான்னு பார்க்கலாம்னு லேப்பைத் திறந்தேன். மேடத்துக்குன்னு இருந்தது. எனக்கு வந்த லெட்டரை நான் படிக்கக் கூடாதா?"

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். மேடத்தின் காதில் கம்மல் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"அதுக்குக் கீழயே பதில் எழுதினேன். ரெண்டு பக்கம். சேவ் பண்ணி, ஒழுங்கா ஷட்டவுனும் பண்ணிட்டுத்தான் வந்தேன். என்ன சொல்ற?"

"மேடம்… உங்க பதில் இல்லை."

"இல்லைன்னா?"

"அணைச்சதும் போயிடுச்சு. நான் எழுதினது மட்டும்தான் இருந்துச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அதென்னம்மா நியாயம்? நீ என்னைத் திட்டினது நிக்கும், நான் உன்னைத் திட்டினது போயிடுமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் சனிக்கிழமைக் கதையை முழுதாகச் சொன்னாள். பூட்டு, திறக்கிற நேரம், மூடுகிற நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் நல்லது ஏறினாலும் நிற்கும், கெட்டது ஏறினாலும் நிற்கும், பாதியில் விட்டால் அந்தப் பாதியும் நிற்கும். காது கம்மலுக்கு மட்டும் இல்லை என்று காட்டுவது போல மேடம் கடைசி வரை கேட்டார்.

"அப்ப என் பதிலும் நிக்கணும்னா நான் சனிக்கிழமை வந்து எழுதணும்."

"ஆமா மேடம்."

"வரேன். நீ வராதே."

சனிக்கிழமை அவள் வீட்டில் சூடாகச் சாப்பிட்டாள். "இன்னைக்கு உப்பு சரியா இருக்கே" என்றார் மாமியார். திங்கட்கிழமைக்குப் பிறகும் வேலை இருக்குமா என்கிற நினைப்பிலேயே அவள் கை கழுவினாள். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. மேடம்தான். பின்னால் வாட்ச்மேனின் குரல் கேட்டது.

"ஏம்மா! இந்த ஆளு சுவிட்ச்ல கையே வச்சுட்டாரும்மா! கையைப் பிடிச்சு இழுத்தேன்!"

"தெரியாது மேடம், எப்பவும் இந்த நேரத்துக்கு இழுக்கறதுதானே" என்று வாட்ச்மேன் முனகினார்.

"பதினோரு வருஷமா இதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கியாம்மா நீ?"

"எட்டு வருஷம் மேடம். அதுக்கு முன்னாடி பூட்டு இல்லை."

மறுமுனையில் மேடம் வாட்ச்மேனை வெளியே அனுப்பினார். பிறகு, "இந்த முப்பதும் ஓடி முடிக்கற வரைக்கும் நான் என்னம்மா பண்றது? ரொம்பச் சலிப்பா இருக்கு."

"ஒன்னாம் நம்பர்ல பதில் எழுதலாம் மேடம்."

திங்கட்கிழமை அவள் ஒன்றாம் நம்பரை ஆன் செய்தபோது 'மேடத்துக்கு' இல்லை. அந்த இடத்தில் 'ரீஸ்டார்ட் மிஸ்ஸுக்கு' என்று ஒன்று இருந்தது. இரண்டு பக்கமெல்லாம் இல்லை. இரண்டே வரி: 'புதன்கிழமை மதியத்துக்கு மேல் உனக்கு லீவு. மெயின் சுவிட்சுக்குப் பூட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.' அடியில் சின்னதாக: 'கம்மல் புதுசு. நன்றாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.'

அந்த வாரம் முழுக்க, எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும், அது எழுந்து வந்துகொண்டே இருந்தது. அவள் அழிக்கவில்லை.

இப்போதெல்லாம் சில சாயங்காலங்களில் பிள்ளைகள் போனபிறகு மேடம் ஆய்வகத்துக்கு வருகிறார். பதினாலாம் நம்பரில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டே, மடமடவென்று என்னவோ தட்டுகிறார். வீட்டு விஷயமாகத்தான் இருக்கும். அவருக்கும் ஒரு மருமகள் இருக்கிறாள். எழுந்து போவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்பார்:

"அணைச்சா போயிடுமில்ல?"

"இன்னைக்கு என்ன கிழமை மேடம்?"

"செவ்வாய்."

"அப்ப போயிடும் மேடம்."