பத்தாம் தேதிக்குப் போட்ட சம்பளம்

சனத்நகரில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். கச்சிபௌலியில் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காற்று எங்கள் முதலாளி மேலும் அடித்தது. வங்கியில் கடன் வாங்கி, கொள்முதல், விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள் போட்டார். சம்பளத்துக்கான பகுதியை மட்டும் விலை அதிகம் என்று விட்டுவிட்டார். அந்தக் கஞ்சத்தனம் எனக்கு அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

திங்கள்கிழமைதோறும் நான் வரவு செலவு முன்கணிப்பு எடுப்பேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வங்கி இருப்போடு, வாடிக்கையாளர்கள் இன்னும் கட்டாத பில்களை அவற்றின் கெடு தேதியில் மென்பொருள் கூட்டும். சப்ளையர்களுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியதை அதேபோல் கழிக்கும். எந்த வாரம் பணம் பற்றாதோ அந்த வாரம் சிவப்பாகத் தெரியும். இந்த பில்களெல்லாம் பதிவானவை. அவற்றின் தேதியில் நான் கை வைக்க முடியாது. சம்பளம் மட்டும் நானே தொகையும் தேதியும் தட்டிப் போடுவது. அதனால் சிவப்பு வந்தால் சம்பளத்தைத் தள்ளிப் போடச் சொல்வார் முதலாளி. தள்ளுவேன், சிவப்பு மறையும். அதை அச்செடுத்து வங்கிக்கு அனுப்புவோம்.

அந்த வருஷம் ஒரு பெரிய வாடிக்கையாளரின் பில் கெடு தாண்டி மூன்று மாதமாகியிருந்தது. கெடு தாண்டிய பணம் இன்றைக்கு வந்துவிடும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்த நாள் பார்த்தாலும் அந்தப் பணம் அன்றைய வரவில் நிற்கும். வால்வுகள் கசிகின்றன, சரக்கைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று விற்பனைப் பிரிவில் பேச்சு அடிபட்டது. தகராறில் உள்ள பில் என்று குறித்து அதைக் கணிப்பிலிருந்து நான் எடுத்திருக்க வேண்டும். கேட்டும் பார்த்தேன். எடுத்தால் வங்கிக்காரன் கதவைச் சாத்திவிடுவான் என்றார் முதலாளி. நானும் வாயை மூடிக்கொண்டேன். ஹப்சிகுடாவில் வீட்டு வாடகை கட்ட என் சம்பளமும் அங்கிருந்துதானே வர வேண்டும்.

லேத் பிரிவில் ஒரு டர்னர் இருந்தார். அவருடைய அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று உள்ளூர் உருது அவர் பேச்சில் கலந்து வரும். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி இருந்த சமயம், ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் கையைத் துடைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார்.

"பொண்ணுக்கு இன்ஜினியரிங் சீட் வந்திருக்கும்மா. பன்னெண்டாந்தேதிக்குள்ள பீஸ் கட்டணும். சம்பளம் எப்ப வரும்?"

திரையைப் பார்த்தேன். "கம்ப்யூட்டர்ல பத்தாம் தேதின்னு காட்டுது."

"பக்காவா?"

"அப்படித்தான் காட்டுது."

"ஹவ், அப்ப சரிம்மா. மச்சான் நாளைக்கு சவுதி போறாரு. போறதுக்கு முன்னாடி பீஸ் பணம் தரட்டுமான்னு கேட்டாரு. அவருகிட்ட நக்கோன்னு சொல்லிடறேன். எதுக்கு சும்மா அடுத்தவங்க கடன்?"

அந்த இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் சம்பளம் வராதென்று ஷெட் முழுவதும் பரவிவிடும், முதலாளி காதுக்குப் போகும் என்று பயந்தேன். பயம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அதற்கு நான் வைத்திருந்த பெயர் பொறுப்பு. அவர் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்.

ஒன்பதாம் தேதி சரக்கு லாரியில் திரும்பி வந்தது. வாசலில் இறக்கியதை எல்லோரும் பார்த்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, சம்பளத்தை இருபத்தைந்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். அரை நிமிஷ வேலை.

டர்னர் பத்தாம் தேதி வந்தார், பதினொன்றாம் தேதி வந்தார். பன்னிரண்டாம் தேதி காலையில் என் கைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, கால்வாசிகூட இல்லை என்று அப்படியே திருப்பி வைத்தார். சீட் வேறு யாருக்கோ போனது. மகள் ஒரு துணிக்கடையில் பில் போடப் போகிறாள் என்று அடுத்த மாதம் கேள்விப்பட்டேன்.

மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் லேத் அருகே போய் நின்று உண்மையைச் சொன்னேன். "அந்தப் பத்தாம் தேதி கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொன்னது இல்லீங்க. நான் போட்ட தேதி. பணம் வராதுன்னு எனக்குத் தெரியும்."

மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"கம்ப்யூட்டர கேக்கறதுக்கு நான் வரலம்மா," என்றார். "உங்களத்தான் கேட்டேன்."