ஆறு வீட்டிலும் அதே துண்டு வயர்

அவனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் எங்கள் பகுதிக்குப் பதினைந்து வருஷமாக நான்தான் வயர்மேன். தொண்ணூறுகளின் நடுவில் அவன் வந்து சேர்ந்தான். ஐ.டி.ஐ. படிப்பு, இன் பண்ணிய சட்டை, கையில் மெக்கர் பெட்டி. அதன் கைப்பிடியைச் சுற்றினால் வயரின் இன்சுலேஷன் தேறுமா தேறாதா என்று முள் காட்டும். என்னிடம் இருந்ததோ ஒரு டெஸ்ட் லேம்ப்: ஹோல்டர், பல்பு, இரண்டு துண்டு வயர். ஜனங்கள் அந்த முள்ளை வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

மில்லுக்குப் பின்னால் ஆறு வீடுகள் கொண்ட பழைய மாடிக் கட்டடம் ஒன்று. ஆறுக்கும் நான்தான் வேலை பார்த்துவந்தேன். கீழ்வீட்டு டீச்சரம்மா தன் வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்தார். குடிவருபவர்கள் கைக்குழந்தைக்காரர்கள். கரண்டு வேலையெல்லாம் சரிபார்த்துக் கொடுத்தால்தான் வருவோம் என்றார்களாம். அம்மா என்னைக் கூப்பிடவில்லை, அவனைக் கூப்பிட்டார். அந்தச் சேதி தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் ரப்பர் உதிர்ந்த பழைய வயர்களை மாற்றினான். பீங்கான் பீஸ் கட்டைகளைக் கழற்றி பிரேக்கர் வைத்தான். வாசலோரம் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, புது எர்த் போட்டான். கரண்டு கசிந்தால் தானாக விழும் பிரேக்கர் ஒன்றையும் மெயினில் மாட்டினான். இரண்டாம் நாள் டீச்சரம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏனுங் தம்பி, கோவிச்சுக்காதீங்க. லைட்டுப் போட்டா நிக்குதுங்க, அயர்ன் பாக்ஸ் போட்டா அந்தப் புது பிரேக்கரு டப்புனு உழுந்துருதுங்க. எங்கியோ நியூட்ரலு எர்த்துல தொடுதாமா. மத்தியானத்துக்கு மேல வந்து போர்டு போர்டா கழட்டிப் பாக்கறேன்னு சொல்லிப்போட்டுப் போயிருக்காருங்க. நீங்களும் ஒருக்கா வந்து பாக்கறீங்களா?”

மவனே, மாட்டினாயா என்று உள்ளுக்குள் துள்ளினேன். அடுத்த நிமிஷமே உறைத்தது. எங்கே தொடுகிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய்தான் எர்த், கசியும் கரண்டு அதன் வழியே மண்ணுக்குப் போகும். சில வருஷத்துக்கு முன் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். எர்த் செத்துப்போனது, லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்துப் பார்த்தால் டெஸ்ட் லேம்ப் எரியவில்லை. குழி தோண்ட யாரும் இடம் தரவில்லை. நானும் சோம்பேறித்தனமாக, கீசர் பிளக்கில் எர்த்தையும், கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டேன். லேம்ப் பளிச்சென்று எரிந்தது. ஆறு வீட்டிலும் அப்படியே செய்து, எர்த் சரி என்று சொன்னேன்.

அவன் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஓடினேன். குளியலறைக்கு வெளியே இருந்த கீசர் பிளக் பெட்டியைத் திறந்தேன். என் துண்டு வயர் இருந்தது. அந்த பிளக்குக்கு வரும் நியூட்ரல் ஜாயின்ட் கருகி, இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புது எர்த் வராத நாளில் அது அறுந்திருந்தால், திரும்ப வழியில்லாத கரண்டு என் துண்டு வழியாகக் கீசர் உடம்பு முழுக்க ஏறியிருக்கும். துண்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன், ஜாயின்டைப் புதிதாக்கினேன். அயர்ன் பாக்ஸ் போட்டோம், பிரேக்கர் அசையாமல் நின்றது.

“அனுபவம்னா அனுபவந்தானுங்க!” என்றார் டீச்சரம்மா. வெட்கங்கெட்ட மனசு, அதையும் கேட்டுக் குளிர்ந்தது.

கிளம்பும்போது அவன் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. “ஏனுங்ண்ணா, எப்படிங்ண்ணா இத்தன சுருக்கா புடிச்சீங்க?”

அனுபவம் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் இரண்டு வருஷத்துக்கு அவன் வாலைச் சுருட்டிக்கொண்டிருப்பான். அந்நேரம் மாடி வீட்டில் யாரோ பிள்ளையைக் குளிப்பாட்டும் சத்தம் கேட்டது. பிள்ளை கத்தியது, தாய் சிரித்தாள். அங்கேயும் அதே கீசர், அதே துண்டு. புது எர்த்தும் கிடையாது, பிரேக்கரும் கிடையாது.

“நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு துண்டு வயரு, நான் வெச்சதுதான்யா,” என்றேன். “மத்த அஞ்சு ஊட்லயும் இருக்குது.”

அவன் படியில் தாவி ஏறி, மேல்வீட்டு மெயினை அணைத்தான். பின்னால் நானும் ஓடினேன். ஐந்து வீட்டிலும் துண்டை எடுத்து, எர்த் போடும்வரை கீசரைத் தொடக்கூடாது என்று பிளக்கையே கழற்றி வைத்தோம். ஏன், எதற்கு என்று கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் அவன் ஒரே பதில்தான் சொன்னான்: “இந்தண்ணன்தானுங்க கண்டுபுடிச்சாரு.”

ஐந்து வீட்டுக்காரர்களும் என்னைக் கும்பிட்டார்கள். நாலு பேர் முன்னால் அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நல்ல மனசும் இவனுக்கேதான் இருக்கணுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.