மெதுவாகப் பேசும் ஹெலினா

எங்கள் பரிசோதனை நிலையம் ஆவடியில், கோவில்பதாகை போகிற வழியில் இருக்கிறது. அங்கே ரத்தம் எடுப்பது என் வேலை. ஊசியைவிட என் வாய் கூர்மை என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். முன்மேசையில் இருக்கும் ஹெலினா எனக்கு நேரெதிர். ரிப்போர்ட்டை மடித்துத்தான் நீட்டுவாள். சர்க்கரை அளவைக்கூடக் காதோரம் குனிந்து சொல்வாள். "நம்மகிட்ட ரத்தத்த மட்டுமா குடுக்குறாங்க, மானத்தையும்தான குடுக்குறாங்க" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வப்படலாம், தப்பில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் போட்டே அவள் ஓய்ந்துபோனாள். முதலாளி பக்தவத்சலம், தானாகவே பதில் சொல்லும் சாட்பாட் ஒன்று வைக்கலாம் என்றார். இரண்டு வழிகள் வந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி எல்லாவற்றையும் தங்கள் சர்வரிலேயே நடத்தித் தரும், நாங்கள் மாதச் சந்தா கட்டினால் போதும். மற்றது எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கௌதம் சொன்னது. இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஏஐ மாடலை இறக்கி, எங்கள் உள்ளறையிலேயே ஒரு மெஷினில் ஓட்டுவது.

"தமிழ் கொஞ்சம் திக்கும்க்கா. மெஷினுக்குச் செலவு கீது, படுத்துக்கினா நான்தான் ஓடியாரணும். ஆனா ஜனங்க கேக்கறது எதுவும் இந்த ரூம தாண்டாது" என்றான்.

இரண்டையும் சோதித்து ஹெலினாவே முடிவு சொல்லட்டும் என்றார் முதலாளி.

கற்பனைக் கேள்விகளை வைத்துச் சோதித்தால் நம் ஜனம் எழுதுகிற மாதிரி வராது என்று, அவள் பழைய வாட்ஸ்அப் கேள்விகளையே இரண்டுக்கும் கொடுத்தாள். பெயரையும் போன் நம்பரையும் பார்த்துப் பார்த்து எடுத்தாள். விலாசத்தை மட்டும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டாள். வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுக்கச் சொல்பவர்களுக்கும் பாட் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைத்தாள். பிளாக்கும் கதவு எண்ணும் வெளியாளுக்கு வெறும் நம்பர். பக்கத்திலிருக்கும் ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் அதுதான் பெயர். தினமும் குவார்ட்டர்ஸ் ஆட்களோடு பழகுகிற அவளுக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

கம்பெனி பாட் தேன் மாதிரி பேசியது. எங்கள் உள்ளறை மாடல் சளி சாம்பிள் எடுப்பதை விளக்குவதற்குள் திணறிப்போனது. கம்பெனிக்கே சரி சொல்லிவிடலாம் என்று ஹெலினா இருந்தாள்.

அப்போதுதான் வனஜா வந்தாள். ஃபேக்டரி ஊழியரின் மனைவி. மகள் சுதாவுக்குக் காசநோய், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. நோய் விஷயம் அவர்கள் வீட்டுக்கும் டாக்டருக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

வனஜா கத்தவில்லை. "பக்கத்து பிளாக் கார்த்திகா பழம் எடுத்துகினு வந்துச்சு. சுதா மாத்திரைய நடுவுல நிறுத்திடக் கூடாது ஆன்ட்டின்னு சொல்லுது. நல்ல பொண்ணுதான். அதுக்கு எப்டி தெரியும் ஹெலினா?"

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா."

"அது அம்பத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனில வேலை செய்யுது. மெஷின் தமிழ்ல ஒழுங்கா பதில் சொல்லுதான்னு படிச்சுப் பாக்கணுமாம்."

ஹெலினாவின் முகம் செத்துப்போனது. சுதாவின் மாத்திரை பற்றி வனஜா முன்பு வாட்ஸ்அப்பில் கேட்டதும் கதவு எண்ணோடு அந்தக் கேள்விகளில் போயிருந்தது. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் வனஜாவிடம் சொன்னாள். வனஜா எழுந்து போய்விட்டாள்.

கௌதம் வந்து கம்பெனியின் நிபந்தனைகளைத் திறந்து காட்டினான். இலவசச் சோதனைக் காலத்தில், பதில்களைச் சீர்செய்வதற்காக ஊழியர்கள் உரையாடல்களைப் படிக்கலாம் என்று அதில் இருந்தது. ஹெலினா படிக்காமலே சம்மதம் கொடுத்திருந்தாள். காசு கட்டி ஒப்பந்தம் போட்டால் அதைத் தடுக்கலாம், ஆனால் தகவலைக் கொடுப்பதற்கு முன்னால் போட வேண்டும் என்றான்.

ஹெலினா கம்பெனிக்குப் போன் செய்து அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டோம் என்று மெயிலும் வந்தது.

"கார்த்திகா மண்டைலருந்து யாரு அழிக்கறது?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை. ஹெலினா மேசையில் முகம் கவிழ்ந்து அழுதாள்.

உள்ளறை மெஷின்தான் என்று முடிவானது. வாட்ஸ்அப்பும் வெளிக் கம்பெனிதான் என்று கௌதம் சொன்னதால், அதில் இனி நேரம், கட்டணம் பற்றிய பதில்கள் மட்டும். ரிப்போர்ட் சம்பந்தப்பட்ட கேள்விகளை எங்கள் சொந்த இணையப் பக்கத்தில் கேட்க வேண்டும். உரையாடல்களை யார் திறக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதற்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். திக்கித் திக்கிப் பேசினாலும் அது இப்போது எங்களோடே இருக்கிறது.

சுதாவுக்கு மறுபடி சளிப் பரிசோதனை செய்ய வேண்டிய நாளில் வனஜா வந்தாள். ஹால் நிறைய ஜனம். ஹெலினா எப்போதும் போல மேசைமேல் குனிந்து, "சொல்லுங்கக்கா" என்று மெல்லக் கேட்டாள்.

"காசநோய் டெஸ்ட்டு. எம்பொண்ணு சுதாவுக்கு." பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வனஜா குரலைத் தாழ்த்தவில்லை. "மாப்ள ஊட்ல நாங்களே சொல்லிட்டோம், வேற யார்னா போய்ச் சொல்றதுக்கு முன்னால. இன்னும் பதில் வரல. இனிமே மெதுவா பேசி இன்னா ஆவப்போவுது, ஹெலினா?"

ஹெலினா சுதாவின் பெயரை எழுதிச் சளி டப்பாவில் ஒட்டினாள். வனஜா வாங்கிக்கொண்டு வெளியே போகும்வரை அவள் தலையை நிமிர்த்தவில்லை.