இருபது சிமிட்டல், பன்னிரண்டு சிமிட்டல்

வீடு வீடாகப் போய் மின்மீட்டரைப் பார்த்துக் குறிப்பது அவள் வேலை. தெருவே அவளை மீட்டரம்மா என்றுதான் கூப்பிடும். வெயிலில் காய்ந்து வந்தாலும் எண்ணில் ஒரு தப்பு வந்ததில்லை.

அவள் வீட்டில் ஐந்து சி.எஃப்.எல். பல்புகள், ஒவ்வொன்றும் பதினைந்து வாட். அவற்றுக்குப் பதிலாக ஒன்பது வாட் எல்.இ.டி. ஐந்து வாங்கி வந்தாள். அதே வீட்டில் இருந்த நாத்தனார் ஒரு தையல்காரி. அவள் நம்பவில்லை.

"அதே வெளிச்சம்னா கரண்டும் அதே அளவுதானே இழுக்கும்? அட்டையில என்ன வேணா எழுதுவான்."

"அட்டைய விடுங்க அண்ணி. மீட்டரையே கேட்டுடலாம்."

ஞாயிறு காலை ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தினாள். மீட்டரில் சிவப்புப் புள்ளி ஒன்று உண்டு. மின்சாரம் ஓட ஓடச் சிமிட்டும். பழைய பல்புகள் ஐந்தையும் போட்டு, ஐந்து நிமிடம் நாத்தனாரையே எண்ணச் சொன்னாள். இருபது. புதியவற்றை மாட்டினார்கள். பன்னிரண்டு.

"ஒண்ண விட்டுட்டேனோ என்னவோ," என்று நாத்தனார் மறுபடி எண்ணினாள். அதே பன்னிரண்டு.

மீட்டரம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமை மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் நாத்தனார் ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"ராத்திரி உன் பல்புல மெரூன் நூல்னு கோத்தேன். பகல்ல பாத்தா காப்பிப்பொடி நிறம். பழைய பல்புல எனக்கு இப்படி ஆனதே இல்ல."

மீட்டரம்மா மெரூன், காப்பிப்பொடி நிற நூல்கண்டு இரண்டையும் அந்த விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். வித்தியாசமே தெரியவில்லை. வாசலுக்குக் கொண்டுபோனாள். பளிச்சென்று வேறு வேறு.

"நீங்க சொன்னதுதான் சரி அண்ணி. நான் கரண்ட மட்டும்தான் பாத்தேன்."

நூல்கண்டுகளோடு கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒன்று மாற்றி ஒன்றாக ஏழு பல்புகளைப் போட்டுக்காட்ட வேண்டியதாயிற்று. நிறம் காட்டும் தரம் தொண்ணூறுக்கு மேல் என்று அட்டையில் போட்டிருந்த ஒரு பல்பின் கீழேதான் மெரூன் மெரூனாகத் தெரிந்தது. அதுவும் ஒன்பது வாட்தான். தையல் மேசைக்கு மேலே அதை மாட்டினாள்.

குளியலறை பல்பு வேறு கதை. அடிக்கடி போட்டு அணைப்பது சி.எஃப்.எல்.லுக்கு ஆகாது, அங்கே எட்டு மாதம் தாண்டியதில்லை. போட்டதும் முழு வெளிச்சம் வருவதற்குள் பாதிக் குளியல் முடிந்துவிடும். எல்.இ.டி. சட்டென்று எரிந்தது, எத்தனை முறை தட்டினாலும் சளைக்கவில்லை. மாட்டிய தேதியை அதன் கழுத்தில் பேனாவால் எழுதி வைத்தாள். நான்காம் ஆண்டும் எரிகிறது.

ஒரு மாலை, வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே நாத்தனார் யாரிடமோ பேசுவது காதில் விழுந்தது.

"தைரியமா துணியக் குடுங்க. நிறம் மாறாது. எங்க வீட்டுப் பொண்ணு பாத்துப் பாத்து வாங்கின லைட்டு இது. ஊருக்கே மீட்டர் பாக்குறவ."

மீட்டரம்மா உடனே உள்ளே போகவில்லை. இன்னும் ஏதாவது சொல்கிறாளா என்று கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள்.