செவ்வாய்க்கிழமை முறை

போர்ட் கிள்ளான் அடுக்குமாடியில் ஐந்து குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கிய வேன் அது. செவ்வாய் காலை அமுதவள்ளியின் முறை. கணவர் அய்யாவுவை டயாலிசிஸுக்கு அவளே ஓட்டிப் போவாள். இரண்டு மணிக்குள் திரும்பி, பெட்ரோல் முள் முன்பு நின்ற இடத்துக்கு எண்ணெய் ஊற்றி, சாவியை அடுத்த வீட்டு உமாவிடம் கொடுக்க வேண்டும்.

போன செவ்வாய் அய்யாவு டயாலிசிஸ் மையத்திலேயே இறந்துபோனார். இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அவள் பஸ் ஏறிப் போய், அங்கேயே நின்ற வேனை எடுத்து, எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தாள்.

“லேட்டாயிடுச்சு உமா.”

“பரவால்லக்கா, ஃபைன் வேணாம்னு குரூப்ல பேசிட்டோம் லா.” உமா சாவியை வாங்கிக்கொண்டாள். “இனிமே செவ்வாய்க்கிழமை உங்களுக்குத் தேவைப்படாதுதானே? கேட்டரிங் சாமான் ஏத்த எங்களுக்கு ஆகும்.”

“வேணும்.”

“எங்கக்கா போவீங்க?”

“போற இடத்தச் சொல்லணும்னு ரூல் இல்லியே.”

அடுத்த செவ்வாய் உமா வாடகை லோரி பிடித்தாள். அமுதவள்ளி கீழே வேனுக்குள் ஏறி, பக்கத்து இருக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்குச் சாவியைக் கொடுத்தாள். முள் நகரவே இல்லை.